கிரியேட்டின்: தினமும் ஒரு ஸ்பூனா, விட்டுவிட்டா, 10 கிராமா, வேண்டவே வேண்டாமா?

என் சித்தப்பா மகன் கோவையில் வேலை பார்க்கிறான். வயது 34. ஒன்றரை வருடமாகத் தினமும் 5 கிராம் கிரியேட்டின் எடுத்துக்கொண்டு வாரம் நான்கு நாள் ஜிம்முக்குப் போகிறான். கம்பெனியில் வருடாந்திரப் பரிசோதனை எடுத்தார்கள். அன்று சாயங்காலமே ரிப்போர்ட்டைப் போட்டோ எடுத்து அனுப்பிவிட்டு, “அண்ணா, கிட்னி போயிடுச்சா?” என்று கேட்டான்.

அதில் கிரியேட்டினின் 1.25 என்று இருந்தது. அந்த லேப்பின் மேல் எல்லை 1.2 என்பதால் பக்கத்தில் சிவப்புக் குறி. இரண்டு வருடத்துக்கு முன்னால், கிரியேட்டின் தொடங்காத காலத்தில், அதே அளவு 1.0 இருந்திருக்கிறது. சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று கணக்குப் போட்டுச் சொல்லும் இஜிஎஃப்ஆர் அப்போது 103. இப்போது 77. இரண்டே வருடத்தில் கால்வாசி குறைந்த மாதிரி தெரிகிறது. யாருக்கும் வயிற்றைக் கலக்கத்தான் செய்யும்.

அவன் முன்னால் நான்கு வழிகள் இருந்தன. அம்மா சொல்கிறபடி டப்பாவைத் தூக்கிப் போட்டுவிடலாம். ஜிம் டிரெய்னர் சொல்கிறபடி மூன்று மாதம் எடுத்து ஒரு மாதம் விடலாம். இப்போது செய்வதையே தொடரலாம். இல்லையென்றால், மூளைக்கும் நல்லது என்று நண்பர்கள் சொல்வதைக் கேட்டு 10 கிராமாக ஏற்றலாம். பல வருட ஆய்வுகள் இந்த நான்கில் எதற்கு எவ்வளவு துணை நிற்கின்றன என்று அவனோடு உட்கார்ந்து பார்த்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த ஒரு எழுத்து

கிரியேட்டின் வேறு, கிரியேட்டினின் வேறு. பெயரில் ஒரே ஓர் எழுத்துதான் வித்தியாசம், பாதிக் குழப்பம் அங்கேதான் பிறக்கிறது. கிரியேட்டின் தசையில் இருக்கும் பொருள். 70 கிலோ எடையுள்ள ஆளின் உடம்பில் சுமார் 120 கிராம் இருக்கும், பெரும்பகுதி தசைக்குள். அதில் ஏறக்குறைய 2 கிராம் தினமும் தானாகவே உருமாறிக் கழிவாகிறது. அந்தக் கழிவின் பெயர்தான் கிரியேட்டினின். சிறுநீரகம் அதை வெளியே அனுப்புகிறது. ரத்தத்தில் அது கூடினால் சிறுநீரகம் சரியாக வடிகட்டவில்லை என்று லேப் எடுத்துக்கொள்கிறது.

ஆனால் கூடுவதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். வடிகால் அடைத்துக்கொண்டாலும் தொட்டியில் தண்ணீர் ஏறும், குழாயை அதிகமாகத் திறந்துவிட்டாலும் ஏறும். கிரியேட்டின் எடுப்பவருக்குத் தசையில் சேமிப்பு கூடுகிறது, அதனால் கழிவும் கூடுகிறது. தசை அதிகம் உள்ளவர்களுக்கும், முந்தின நாள் கடுமையாக எடை தூக்கியவர்களுக்கும், இரவு நிறைய மட்டன் சாப்பிட்டு வந்தவர்களுக்கும் இதே கதைதான். இஜிஎஃப்ஆர் தனியாக அளக்கப்படுவதில்லை. கிரியேட்டினின், வயது, ஆணா பெண்ணா என்ற மூன்றையும் ஒரு சூத்திரத்தில் போட்டு எடுப்பது. கிரியேட்டினின் எந்தக் காரணத்தால் ஏறினாலும் சூத்திரம் சிறுநீரகத்தின் மேல்தான் பழியைப் போடும்.

இது வெறும் ஊகம் இல்லை. பிரேசிலில் புருனோ குவாலானோவின் குழு 2010-இல் ஓர் ஆளை மட்டும் வைத்து ஒரு சோதனையை வெளியிட்டது. 20 வயது இளைஞர், அவருக்கு இருந்ததோ ஒரே சிறுநீரகம். ஐந்து நாள் தினமும் 20 கிராம், அதன் பிறகு 30 நாள் தினமும் 5 கிராம். ரத்தத்தில் கிரியேட்டினின் ஏறியது, சூத்திரப்படி சிறுநீரகம் மந்தமானது போலத் தெரிந்தது. ஆனால் கதிரியக்கப் பொருளை உடம்பில் செலுத்தி, அது எவ்வளவு வேகமாக வெளியேறுகிறது என்று நேரடியாக அளந்தபோது வடிகட்டும் திறன் 82-க்குப் பக்கத்தில் அப்படியே இருந்தது. ஒருவர், 35 நாள் என்பதால் இதை வைத்து ஒற்றைச் சிறுநீரகம் உள்ளவர்கள் எடுக்கலாம் என்று யாரும் கிளம்பிவிடக் கூடாது. கிரியேட்டினின் என்ற அளவுகோல் எப்படி ஏமாற்றும் என்பதற்கு மட்டும் இதைவிடத் தெளிவான சாட்சி கிடைக்காது.

பல வருட ஆய்வுகள் என்று சொல்வது எவற்றை?

கடையில் விற்பவர்கள் “ஆயிரம் ஆய்வுகள்” என்பார்கள். அவற்றில் மிகப் பெரும்பாலானவை சில வாரம், சில மாதம் நடந்தவை. ஆரோக்கியமான பெரியவர்களிடம் ஒரு வருடத்தைத் தாண்டியவை கைவிரல்களில் எண்ணக்கூடியவைதான். அவற்றை உள்ளே போய்ப் பார்க்க வேண்டும்.

1999-இல் பெல்ஜியத்தில் பூர்ட்மன்ஸ், ஃபிராங்கோ என்ற இருவர் வெளியிட்டது முக்கியமான ஒன்று. 10 மாதம் முதல் 5 வருடம் வரை கிரியேட்டின் எடுத்துவந்த விளையாட்டு வீரர்களை, எடுக்காத 85 பேரோடு ஒப்பிட்டார்கள். ரத்தத்தை மட்டும் பார்க்காமல் சிறுநீரையும் சேகரித்து, கிரியேட்டினின், யூரியா, ஆல்புமின் மூன்றும் எவ்வளவு வெளியேறுகின்றன என்று பார்த்தார்கள். வித்தியாசம் இல்லை. ஆல்புமினைச் சேர்த்துப் பார்த்ததுதான் இதில் எனக்குப் பிடித்த விஷயம். சிறுநீரகத்தின் வடிகட்டியில் ஓட்டை விழுந்தால் முதலில் கசிவது அந்தப் புரதம்தான். சரி, எடுத்தவர்கள் எத்தனை பேர்? எட்டு ஆண்கள், ஒரு பெண். மொத்தம் ஒன்பது பேர்.

அடுத்தது அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து வீரர்கள் 98 பேரிடம் ரிச்சர்டு கிரைடரின் குழு நடத்தி 2003-இல் வெளியிட்டது. நீண்டகாலப் பாதுகாப்பு பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் காட்டுவது இதைத்தான். பயிற்சி முடிந்ததும் மேற்பார்வையில் பானமாகக் கொடுத்தார்கள். முதல் ஐந்து நாள் தினமும் சுமார் 16 கிராம், பிறகு சராசரியாக 5 கிராம், அதிகபட்சம் 21 மாதம். ரத்தத்திலும் சிறுநீரிலும் 69 அளவுகள் பார்த்தார்கள். சிறுநீரகம், கல்லீரல், தசைச் சிதைவு, கொழுப்பு, உப்புகள் என்று எதிலும் உடம்புக்குக் கெடுதல் என்று சொல்லும்படி மாற்றம் இல்லை. ஆனால் அந்த 98 பேரையும் பிரித்துப் பாருங்கள். 44 பேர் கிரியேட்டின் எடுக்கவே இல்லை. 12 பேர் ஆறு மாதத்துக்குள் எடுத்தவர்கள், 25 பேர் ஏழு முதல் 12 மாதம். ஒரு வருடத்தைத் தாண்டியவர்கள் 17 பேர் மட்டும்தான். “21 மாதம் பாதுகாப்பு” என்று விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வருவது இந்த 17 இளைஞர்களின் தோளில்தான் நிற்கிறது.

இந்த வகை ஆய்வுகளில் இன்னொரு ஓட்டையும் உண்டு. ஐந்து வருடம் தொடர்ந்து எடுத்தவரைத் தேடிப் பிடித்து ஆராய்ந்தால், ஒத்துக்கொள்ளாமல் நடுவில் விட்டவர் கணக்கிலேயே வரமாட்டார். அதனால் குலுக்கல் முறையில் ஆட்களைப் பிரித்து, ஒரு பாதிக்குக் கிரியேட்டினும் மறுபாதிக்கு வெறும் மாவும் கொடுத்து, யாருக்கு எது என்று மறைத்துச் செய்யும் ஆய்வுக்கு மதிப்பு அதிகம். அப்படி இரண்டு வருடம் நடந்தவை இருக்கின்றன. விளையாட்டு வீரர்களிடம் இல்லை, மாதவிடாய் நின்ற பெண்களிடம்.

பிரேசிலில் எலும்பு அடர்த்தி குறையத் தொடங்கியிருந்த 200 பெண்களுக்கு இரண்டு வருடம் தினமும் 3 கிராம் அல்லது மாவு கொடுத்து, 2020-இல் முடிவை வெளியிட்டார்கள். சிறுநீரகம் உள்ளிட்ட பரிசோதனைகளில் கெடுதல் எதுவும் தெரியவில்லை. எலும்புக்கோ தசைக்கோ நன்மையும் இல்லை. அவர்களுக்கு உடற்பயிற்சித் திட்டம் எதுவும் சேர்த்துக் கொடுக்கப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கனடாவில் பிலிப் சிலிபெக்கின் குழு 237 பெண்களிடம் இரண்டு வருடம் நடத்தியது 2023-இல் வந்தது. இதில் எல்லோருக்கும் எடைப் பயிற்சியும் நடையும் உண்டு, அளவும் உடல் எடைக்கேற்ப, 60 கிலோ பெண்ணுக்கு 8 கிராமுக்குச் சற்று மேல். இடுப்பு எலும்பின் அடர்த்தி இதிலும் கூடவில்லை. எலும்பின் வடிவ உறுதியைக் காட்டும் சில அளவுகளில் மட்டும் சிறு ஆதாயம் தெரிந்தது.

ஆக, நீண்டகாலம் எடுத்தவர்கள் என்று நம் கையில் இருப்பது இரண்டு கூட்டம். ஒன்று, எண்ணிக்கையில் குறைந்த இளம் வீரர்கள். இன்னொன்று, கட்டுப்பாட்டோடு நடந்த ஆய்வில் இருந்த நடுவயது தாண்டிய பெண்கள். இருவரிடமும் 3 முதல் 5 கிராம் என்ற அளவில் கெடுதல் தெரியவில்லை. இனி நான்கு வழிகளுக்கு வருவோம்.

10 கிராமாக ஏற்றுவது

“ஐந்து வருடம் தினமும் 30 கிராம் எடுத்தாலும் பாதுகாப்பு” என்ற வாசகம் இணையம் முழுக்க உலவுகிறது. விளையாட்டு ஊட்டச்சத்துக்கான சர்வதேசச் சங்கம் 2017-இல் வெளியிட்ட நிலைப்பாட்டு அறிக்கையிலும் அது இருக்கிறது. படிப்பவர்கள், நம்மைப் போன்ற ஆட்களுக்கு ஐந்து வருடம் 30 கிராம் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி ஒரு ஆய்வு நடக்கவில்லை.

அதிக அளவை அதிக காலம் எடுத்தவர்கள் நோயாளிகள். மிகப் பெரியது பார்க்கின்சன் நோயாளிகளிடம் அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்தது: 1,741 பேர், தினமும் 10 கிராம், ஐந்து வருடத்துக்குத் திட்டம். நோய்க்குப் பலன் இல்லை என்று தெரிந்ததால் 2013-இல் இடையிலேயே நிறுத்தினார்கள். ஆபத்து என்று நிறுத்தவில்லை, அது முக்கியம். ஹன்டிங்டன் நோயாளிகள் 553 பேரிடம் தினமும் 40 கிராம் வரை போய்ப் பார்த்து, அதையும் பலனில்லை என்றே கைவிட்டார்கள். மருத்துவரின் கண்காணிப்பில் இருந்த நோயாளிகள் இத்தனை காலம் பெரிய சேதமில்லாமல் எடுத்தார்கள் என்பது 5 கிராம் எடுப்பவருக்கு ஓர் ஆறுதல். கண்காணிப்பு இல்லாத ஆரோக்கியமான ஆள் 10 கிராமுக்குத் தாவ அது அனுமதிச் சீட்டு ஆகாது.

கிடைக்கும் லாபமும் தெளிவாக இல்லை. தசை ஓர் அளவுக்கு மேல் கிரியேட்டினைப் பிடித்து வைத்துக்கொள்ளாது, மிச்சம் சிறுநீரில் போய்விடும். 1996-இல் ஹல்ட்மன் குழு காட்டியது இதுதான்: ஆறு நாள் தினமும் 20 கிராம் எடுத்தாலும், 28 நாள் தினமும் 3 கிராம் எடுத்தாலும், தசையில் சேரும் அளவு கடைசியில் ஒன்றேதான். அப்புறம் வயிறு. கால்பந்து வீரர்களிடம் 10 கிராமை ஒரே வேளையில் கொடுத்தபோது, ஐந்து ஐந்தாகப் பிரித்துக் கொடுத்ததைவிட வயிற்றுப்போக்கு கணிசமாக அதிகம். என் தம்பிக்கு இந்த வழியை முதலிலேயே அடித்துவிடச் சொன்னேன்.

மூன்று மாதம் எடுத்து ஒரு மாதம் விடுவது

டிரெய்னர்கள் அக்கறையோடுதான் சொல்கிறார்கள், கிட்னிக்கு ஓய்வு கொடுக்கிறோம் என்று. ஆனால் மேலே சொன்ன நீண்ட ஆய்வுகள் எதிலும் இடைவெளி விட்டுக் கொடுக்கவில்லை. தினமும் எடுத்தவர்களிடம்தான் கெடுதல் தெரியவில்லை என்ற முடிவே வந்தது. விட்டுவிட்டு எடுத்தால் இன்னும் பத்திரம் என்று சொல்ல ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு வேண்டும்.

ஸ்டீராய்டு போடுகிறவர்களின் பழக்கத்தோடு இதைச் சேர்த்துக் குழப்பிக்கொள்வது ஜிம்களில் சகஜம். அங்கே உடம்பின் சொந்த ஹார்மோன் உற்பத்தி படுத்துவிடும், எழுப்ப வேண்டியிருக்கும். கிரியேட்டின் விஷயத்திலும், வெளியிலிருந்து வரும்போது உடம்பு தன் சொந்தத் தயாரிப்பைக் குறைத்துக்கொள்கிறது, உண்மைதான். ஆனால் நிறுத்தினால் அது திரும்பத் தொடங்கிவிடுகிறது. தசையில் ஏறியிருந்த சேமிப்பு நான்கு முதல் ஆறு வாரத்தில் பழைய நிலைக்கு வரும். அப்படியானால் ஒரு மாத இடைவெளி என்பது கட்டியதைக் கலைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து கட்டுவதுதான். திரும்பத் தொடங்கும் ஒவ்வொரு முறையும் முதல் வாரத்தில் ஒன்றிரண்டு கிலோ தண்ணீர் எடை ஏறி இறங்குவதும் இருக்கும்.

நிறுத்துவதற்கு எனக்குத் தெரிந்து உருப்படியான காரணம் ஒன்றுண்டு. அது பரிசோதனை. அதைப் பிறகு சொல்கிறேன்.

எடுக்காமலே இருப்பது

இந்த வழியைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. உடம்பு தினமும் ஏறக்குறைய ஒரு கிராம் தானே செய்துகொள்கிறது. மீனும் கறியும் சாப்பிடுபவருக்கு இன்னொரு கிராம் அளவுக்குச் சாப்பாட்டில் வந்துவிடும். சைவம் சாப்பிடுபவரின் தசையில் சேமிப்பு குறைவு, அவருக்கு வித்தியாசம் கூடுதலாகத் தெரியலாம். ஆனால் பிரேசில் ஆய்வைப் பாருங்கள்: பயிற்சி இல்லாமல் இரண்டு வருடம் எடுத்தவர்களுக்குப் பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. ஆபத்து இல்லை என்பது எடுப்பதற்கான காரணம் ஆகிவிடாது. எடைப் பயிற்சி செய்யாதவர் இந்தப் பணத்துக்கு முட்டையோ மீனோ வாங்கிச் சாப்பிடலாம் என்பது என் கருத்து.

சிலருக்கு இது ஒன்றுதான் வழி. ஏற்கெனவே சிறுநீரக நோய் உள்ளவர்கள், சிறுநீரில் புரதம் போகிறவர்கள், ஒரே சிறுநீரகம் உள்ளவர்கள் ஆகியோர் மேலே சொன்ன ஆய்வுகளில் சேர்க்கப்பட்ட “ஆரோக்கியமான பெரியவர்கள்” இல்லை. 1998-இல் இங்கிலாந்து மருத்துவர்கள் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார்கள். அவர் வயது 25, ஏற்கெனவே சிறுநீரக நோய் இருந்தவர். கிரியேட்டின் எடுத்தபோது அளவுகள் மோசமாகின, நிறுத்தியதும் மீண்டன. நீண்டகால சர்க்கரையோ ரத்த அழுத்தமோ உள்ளவர்கள், மூட்டு வலிக்கென்று தினமும் வலி மாத்திரை போடுபவர்கள், முதலில் சிறுநீரில் ஆல்புமின் பார்த்துவிட்டு மருத்துவரிடம் பேசாமல் தொடக்கூடாது. கர்ப்பிணிகளுக்கும் இந்த ஆய்வுகள் பொருந்தாது.

தினமும் 3 முதல் 5 கிராம்

நான்கில் நேரடி ஆதாரம் உள்ள வழி இதுதான். அந்த ஆதாரம் எவ்வளவு கனம் என்பதையும் மேலே எடை போட்டுக் காட்டிவிட்டேன். ஒன்றிரண்டு வருடம் வரை நம்பிச் சொல்லலாம், ஐந்து வருடம் வரை ஒன்பது பேர் அளவுக்குச் சொல்லலாம். இருபது வருடம் பின்தொடர்ந்த ஆய்வு இல்லை. என்னைக் கேட்டால் 3 கிராம் போதும். பிரேசில் ஆய்வின் அளவு அது, ஹல்ட்மன் காட்டியபடி ஒரு மாதத்தில் தசை நிறையவும் அது போதும். தொடக்கத்தில் ஐந்து நாள் 20 கிராம் அள்ளிப் போடும் வேலையும் மிச்சம். 90 கிலோவுக்கு மேல் உள்ள, கடுமையாகப் பயிற்சி செய்யும் ஆள் 5 கிராம் வைத்துக்கொள்ளட்டும்.

ஒன்றை மறக்கக் கூடாது. இந்த ஆய்வுகளில் பயன்பட்டது மோனோஹைட்ரேட். ஹைட்ரோகுளோரைடு, எத்தில் எஸ்டர் என்று கூடுதல் விலையில் விற்கிறவற்றுக்கு இப்படி வருடக்கணக்கான பதிவு கிடையாது. டப்பாவில் மோனோஹைட்ரேட் தவிர வேறு எதுவும் கலக்காதது நல்லது. வருடக்கணக்கில் தினமும் உள்ளே போகும் பொருள் என்பதால், சுத்தத்தை வெளியார் ஒருவர் சோதித்துச் சான்று கொடுத்த பொடியாகப் பார்த்து வாங்குவது அதைவிட நல்லது.

தம்பியின் ரிப்போர்ட்டுக்கு வருவோம்

அவனை ஒரு பொது மருத்துவரிடம் அனுப்பினேன். போகும்போது கிரியேட்டின் எடுப்பதை மறைக்காமல் சொல் என்றேன். பல பேர் திட்டு விழும் என்று சொல்லாமல் விடுகிறார்கள், மருத்துவர் பாதித் தகவலை வைத்துக்கொண்டு முடிவெடுக்க வேண்டியதாகிறது. இவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு இரண்டு சோதனை எழுதினார். ஒன்று, சிஸ்டாட்டின் சி. இது உடம்பின் எல்லாச் செல்லும் விடும் ஒரு சிறு புரதம். தசை கூடினாலும் கிரியேட்டின் எடுத்தாலும் இது ஏறாது. தைராய்டு கோளாறு, ஸ்டீராய்டு மருந்து, புகைப்பழக்கம், அதிக உடல் பருமன் இருந்தால் மட்டும் மாறும், அதையும் மருத்துவர் கேட்டுக்கொண்டார். இன்னொன்று, சிறுநீரில் ஆல்புமின் கசிகிறதா என்ற சோதனை. இரண்டு நாள் ஜிம்முக்குப் போகாமல், முந்தின இரவு கறி சாப்பிடாமல் ரத்தம் கொடுக்கச் சொன்னார்.

சிஸ்டாட்டின் சி 0.9 வந்தது. அதை அதற்குரிய சூத்திரத்தில் போட்டால் இஜிஎஃப்ஆர் 99. சிறுநீரில் ஆல்புமின் இயல்பு. ஒரே ஆள், ஒரே சிறுநீரகங்கள், கிரியேட்டினின் வழியாகப் பார்த்தால் 77, சிஸ்டாட்டின் வழியாகப் பார்த்தால் 99. இடையில் உள்ள 22 அந்த வெள்ளைப் பொடியும் அவன் ஏற்றிய தசையும் போட்ட கணக்கு.

சிஸ்டாட்டினும் குறைவாகக் காட்டியிருந்தாலோ, ஆல்புமின் கசிந்திருந்தாலோ கதை வேறு. அப்போது பொடியை அன்றே நிறுத்திவிட்டுச் சிறுநீரக மருத்துவரைப் பார்க்க வேண்டும். கால் வீக்கம், நுரைத்த சிறுநீர், வழக்கத்துக்கு மாறாகச் சிறுநீர் குறைவது ஆகியவற்றுக்கும் அதேதான். அந்த இரண்டு சோதனைக்கும் வசதி இல்லாத ஊரில் இருப்பவர் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. நான் முன்னால் சொன்ன அந்த ஒரே காரணம் இதுதான்: ஆறு வாரம் கிரியேட்டினை நிறுத்திவிட்டு மறுபடி கிரியேட்டினின் பார்ப்பது. பழைய அளவுக்கு இறங்கினால் ஏற்றியது பொடி. இறங்காவிட்டால் தேட வேண்டியது வேறு எங்கோ இருக்கிறது.

தம்பி 5 கிராமை 3 ஆகக் குறைத்துக்கொண்டான். டப்பாவில் இருந்த ஸ்பூன் 5 கிராம் அளவு என்பதால் வீட்டுச் சமையல் தராசில் நிறுத்துப் பார்த்து, ஸ்பூனில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறான். 1.0, 1.25, 0.9 என்ற மூன்று எண்களும் தேதியோடு அவன் போனில் இருக்கின்றன. அடுத்த வருடப் பரிசோதனைக்கு அதைக் காட்டிவிட்டுத்தான் ரத்தம் கொடுப்பேன் என்றான். சித்திக்கு மட்டும் இன்னும் முழு நம்பிக்கை வரவில்லை. அந்த 99-ஐ நான் இரண்டு முறை போனில் விளக்க வேண்டியிருந்தது.